கடன் வாங்கிய முகமும் குரலும்: உள்ளூர் விளம்பரங்களில் திரைப்படச் சாயல்



தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது நம் ஊரில் தமிழ் விளம்பரங்கள் பெருகத் தொடங்கும். துணிக்கடை, நகைக்கடை, உணவகம், பணமாற்று நிலையம் என்று சிறிய நிறுவனங்கள் எல்லாம் வானொலியிலும் சமூக ஊடகத்திலும் முப்பது நொடி இடம் வாங்கும். அந்த முப்பது நொடியை நிரப்ப மிக எளிதாகக் கைக்கு எட்டுவது திரைப்படம். ஒரு காட்சித் துணுக்கு, எல்லாருக்கும் தெரிந்த பாட்டின் முதல் அடி, புகழ்பெற்ற நடிகரைப் போல உடுத்திய ஒருவர் ஆகிய மூன்றும் இல்லாத விளம்பரப் பருவம் அரிது. இம்மூன்றும் சட்டத்தின் முன் எப்படி நிற்கின்றன என்பதே இன்றைய என் பேச்சின் பொருள். குறிப்பாக மூன்றாவதை, அதாவது சாயல் நடிகரைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். முதல் இரண்டிலும் ஏதோ இடர் உண்டு என்று பலருக்கும் தெரியும்; மூன்றாவதில் இடரே இல்லை என்றுதான் பெரும்பாலோர் எண்ணுகின்றனர்.

எல்லாவற்றையும் ஓர் எடுத்துக்காட்டில் வைத்துப் பார்ப்போம். சிராங்கூன் சாலையில் ஓர் உணவகம் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் உரிமையாளர் தீபாவளிக்கு முப்பது நொடிக் காணொளி ஒன்றைச் செய்விக்கிறார். முதல் ஐந்து நொடியில், ஒரு பழைய படத்தில் நாயகன் விருந்துண்ணும் காட்சி. அடுத்துக் கடை ஊழியர்கள், புகழ்பெற்ற காதல் பாடல் ஒன்றின் முதல் அடியை அதே மெட்டில் பாடுகிறார்கள். காதலியின் பெயர் வரவேண்டிய இடத்தில் பிரியாணி வருகிறது. இறுதியில் மேடைகளில் பலகுரல் நிகழ்ச்சி செய்யும் கலைஞர் ஒருவர், உலகறிந்த நடிகர் ஒருவரின் முடியலங்காரத்தோடும் கறுப்புக் கண்ணாடியோடும் நடந்துவந்து, அவர் குரலிலேயே கடையின் பெயரைச் சொல்கிறார். விளம்பரம் நன்றாகத்தான் இருக்கிறது. இனி இதைத் துண்டு துண்டாகப் பிரிப்போம்.

முதலில் காட்சித் துணுக்கு. சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 21ஆம் நாள் நடப்புக்கு வந்தது. திரைப்படம் பொதுவாக வெளியான ஆண்டிலிருந்து 70 ஆண்டுகளுக்குக் காக்கப்படுகிறது. இந்தியாவில் எடுக்கப்பட்ட படமாயிற்றே, அதற்கு இங்கே என்ன உரிமை என்று கேட்பவர் உண்டு. இரு நாடுகளும் பெர்ன் உடன்படிக்கையில் உறுப்பு நாடுகள். ஆகவே அங்கே பிறந்த படைப்பு இங்கேயும் காக்கப்படும்.

ஐந்து நொடிதானே என்பது அடுத்த வாதம். ஏழு நொடி வரை எடுக்கலாம், பத்து நொடி வரை எடுக்கலாம் என்றெல்லாம் நம்மிடையே ஒரு கணக்கு உலவுகிறது. அப்படி ஒரு கணக்கு சட்டத்தில் எங்கும் இல்லை. எடுத்த பகுதி முழுப் படைப்பில் கணிசமான பகுதியா என்பதே கேள்வி. கணிசம் என்பது நீளத்தை மட்டும் குறிப்பதன்று, மதிப்பையும் குறிக்கும். இரண்டரை மணி நேரப் படத்தில் ஐந்து நொடி மிகச் சிறிதே. ஆனால் அந்த ஐந்து நொடியை நீங்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அதுவே எல்லார் நினைவிலும் நிற்கும் பகுதி என்பதுதான். உங்கள் தேர்வே உங்களுக்கு எதிரான சான்றாகிவிடுகிறது.

நியாயப் பயன்பாடு என்னும் விதிவிலக்கும் சட்டத்தில் உண்டு. அதைப் பார்க்கும்போது நீதிமன்றம் பயன்பாட்டின் நோக்கத்தையும், அது வணிக இயல்புடையதா என்பதையும், படைப்பின் தன்மையையும், எடுத்த அளவையும், அதனால் படைப்பின் சந்தைக்கு நேரும் விளைவையும் எடைபோடும். விளம்பரமோ தொடக்கத்திலிருந்தே வணிக நோக்கத்தோடு நிற்கிறது. மேலும், விளம்பரத்திற்கு உரிமம் தருவதே பட உரிமையாளரின் வருவாய்களுள் ஒன்று. எனவே இந்த வாயில் மிகக் குறுகியது. படத்தின் பெயரைத் திரையின் ஓரத்தில் இட்டு நன்றி கூறினாலும் அது இசைவு பெற்றதற்கு ஈடாகாது.

இரண்டாவது, பாட்டு. இங்கே பலர் தவறுவதற்குக் காரணம், ஒரு பாட்டை ஒரே பொருளாக எண்ணுவதுதான். சட்டத்தின் பார்வையில் அது குறைந்தது மூன்று படைப்புகள். கவிஞரின் வரிகள் ஒன்று. இசையமைப்பாளரின் மெட்டு ஒன்று. பாடிப் பதிவான ஒலிப்பதிவு ஒன்று. நம் உணவகத்தார் மூலப் பதிவைப் பயன்படுத்தவில்லை, ஊழியர்களைப் பாடவைத்தார். ஆகவே மூன்றாவது உரிமையைத் தொடவில்லை. வரியையும் சற்று மாற்றினார். ஆனால் மெட்டு அப்படியே இருக்கிறது. மெட்டை அடையாளம் கண்டால்தான் நகைச்சுவை பலிக்கும் என்பதால் அதை மாற்றவும் முடியாது. சொல்லை மாற்றிப் பாடுவதால் பாட்டு நமதாகிவிடாது.

வரிகளும் மெட்டும் படைப்பாளியின் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் காக்கப்படுகின்றன. கவியரசு கண்ணதாசன் 1981இல் மறைந்தார். இங்குள்ள கணக்கின்படி அவர் வரிகளுக்கான காப்பு 2051ஆம் ஆண்டின் இறுதி வரை செல்லும். பாரதியார் 1921இல் மறைந்தவர். அவர் வரிகள் எல்லார்க்கும் பொது. ஆனால் இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 1961இல் வெளியான கப்பலோட்டிய தமிழன் படத்தில் பாரதியார் பாடல்களுக்கு ஜி. இராமநாதன் இசையமைத்தார், அவர் மறைந்தது 1963இல். வரி பொதுவாயினும், அப்படத்து மெட்டு 2033ஆம் ஆண்டின் இறுதி வரை அவர் வழியினருக்கோ உரிமை பெற்றவருக்கோ உரியது. ஆகவே பாரதியை விளம்பரத்தில் பாட விரும்புவோர் வரியை எடுத்துக்கொண்டு மெட்டைப் புதிதாக அமைத்துக்கொள்ளவேண்டும்.

பேச்சு வழக்கில் உலவும் ஒற்றைச் சொற்றொடர் இதிலிருந்து வேறுபட்டது. நான்கைந்து சொற்கள் கொண்ட ஒரு வசனத்தை மட்டும் தனியே ஓர் இலக்கியப் படைப்பாகக் காட்டுவது உரிமையாளருக்கு எளிதன்று. ஆனால் அந்தச் சொற்களை எவர் சொல்வதுபோல் சொல்கிறோம் என்பதில்தான் நாம் மூன்றாவது பகுதிக்கு வந்து சேர்கிறோம்.

சாயல் நடிகரைப் பற்றி உணவகத்தாரிடம் கேட்டால், அவர் இவ்வாறு சொல்லக்கூடும்: "நான் அந்த நடிகரின் படத்தைப் போடவில்லை, பெயரைச் சொல்லவில்லை, குரலைப் பதிவு செய்து எடுக்கவில்லை. வேறொருவருக்குக் கூலி கொடுத்து நடிக்கவைத்தேன். அவர் முகம் அவருடையது." பதிப்புரிமையை மட்டும் பார்த்தால் இவ்வாதம் பெரும்பாலும் சரியே. ஒருவரின் முகத்திற்கோ நடைக்கோ பதிப்புரிமை இல்லை. ஆயினும் வழக்கு வேறு வழியில் வரும்.

பொதுச்சட்ட மரபில் பாசிங் ஆஃப் என்று ஒரு வழக்குமுறை உண்டு. தன் சரக்கைப் பிறர் சரக்குபோலக் காட்டி, அல்லது பிறர் தமக்கு ஆதரவளிப்பதுபோலக் காட்டி விற்பதைத் தடுப்பது அதன் வேலை. வழக்குத் தொடுப்பவர் மூன்றை மெய்ப்பிக்க வேண்டும். தமக்கு இங்கே வணிக நற்பெயர் இருக்கிறது என்பது முதலாவது. எதிர்த்தரப்பு மக்களைத் தவறாக எண்ணவைக்கும் தோற்றத்தை உண்டாக்கியது என்பது இரண்டாவது. அதனால் தமக்கு இழப்பு நேர்ந்தது, அல்லது நேரக்கூடும் என்பது மூன்றாவது.

இந்த மூன்றும் சாயல் விளம்பரத்தில் எப்படிப் பொருந்தும் என்பதை ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு வழக்கு தெளிவாகக் காட்டுகிறது. 1986இல் குரோகடைல் டண்டி என்னும் படம் வெளிவந்தது. அதில் நியூயார்க் நகரத் தெருவில் ஓர் இளைஞன் சிறு கத்தியைக் காட்டி மிரட்ட, நாயகன் அதைவிடப் பன்மடங்கு பெரிய கத்தியை எடுத்துக் காட்டும் காட்சி உலகெங்கும் புகழ்பெற்றது. ஒரு காலணி நிறுவனம் தன் தோல் காலணிகளுக்கு எடுத்த தொலைக்காட்சி விளம்பரத்தில் அதே அமைப்பைப் பயன்படுத்திக்கொண்டது. தெரு, மிரட்டும் கூட்டம், நாயகனை நினைவூட்டும் உடையணிந்த நடிகர், உடன் ஒரு பெண் எல்லாம் இருந்தன. ஆனால் கத்தி இருந்த இடத்தில் காலணி வந்தது. மூலப் படத்தின் ஒரு நொடிகூட அதில் இல்லை. நடிகரும் வேறொருவர். பார்ப்பவர் எவரும் இது கேலி நடிப்பு என்பதை உணர்வர்.

படத்தின் நாயகரான பால் ஹோகன் வழக்குத் தொடுத்தார், வென்றார். 1989இல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு அவர் பக்கமே நின்றது. இத்தீர்ப்பில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய கருத்து ஒன்றுண்டு. விளம்பரம் பார்ப்பவர் அமர்ந்து ஆராய்ந்து, இதில் நடிப்பவர் ஹோகனா, அவர் ஒப்பந்தம் செய்தாரா என்று தருக்கம் செய்வதில்லை. அந்தப் பாத்திரத்தின் மேல் அவர்க்குள்ள விருப்பம் காலணியின் மேல் படிந்துவிடுகிறது. அந்தத் தொடர்பை உண்டாக்குவதே விளம்பரத்தின் நோக்கமாக இருந்தது. அந்தத் தொடர்புக்கு ஹோகனின் இசைவு இருப்பதாக மக்கள் கொள்வர். கேலி என்று தெரிவதால் மட்டும் தவறான தோற்றம் நீங்கிவிடாது.

இங்கிலாந்தில் இதற்கு ஒத்த இன்னொரு வழக்கு உண்டு. கார்ப் பந்தய வீரர் எட்டி இர்வின் கைத்தொலைபேசியில் பேசும் நிழற்படம் ஒன்றை ஒரு வானொலி நிலையத்தார் முறைப்படி வாங்கினர். பின் அதில் தொலைபேசி இருந்த இடத்தில் தம் நிலையத்தின் பெயர் பொறித்த வானொலிப் பெட்டியை ஒட்டிச் சுற்றுக்கு விட்டனர். 2002இல் நீதிமன்றம் இதைப் பொய்யான ஆதரவுக் காட்சி என்று கொண்டது. இழப்பீடு முதலில் 2,000 பவுண்டு என்று கணிக்கப்பட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 25,000 பவுண்டாக உயர்த்தியது. அவர் அதற்குக் குறைவாக எந்த ஆதரவு விளம்பரத்துக்கும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார் என்பதே கணக்கு. கலைஞரின் சந்தை விலையை வைத்து இழப்பீடு கணிக்கப்படலாம் என்பதை இதிலிருந்து அறிந்துகொள்ளலாம். உங்கள் கடை சிறியது என்பதால் தொகையும் சிறிதாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

குரலுக்கும் இதே நிலைதான். அமெரிக்காவில் பாடகி பெட் மிட்லர் ஒரு கார் நிறுவனத்தின் மீது தொடுத்து, 1988இல் மேல்முறையீட்டில் தீர்ப்பான வழக்கை எண்ணிப்பாருங்கள். விளம்பர நிறுவனம் பாட்டுக்கு உரிமம் பெற்றிருந்தது. மிட்லர் பாட மறுத்ததால், அவரோடு முன்பு பின்னணி பாடிய ஒருவரை அவர் குரலிலேயே பாடச்சொன்னது. பாட்டுக்குரிய உரிமம் குரலுக்குரிய உரிமமாகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. அது அந்த நாட்டு மாநிலச் சட்டத்தின் அடிப்படையில் எழுந்த தீர்ப்பு. இங்கு அப்படியே பொருந்தாது. ஆனால் நம் பலகுரல் கலைஞருக்கு அந்த நிகழ்வு மிகவும் நெருக்கமானது.

சிங்கப்பூரில் ஒருவரின் ஆளுமைக்கென்று தனிச் சட்டம் இல்லை என்பது உண்மை. ஆஸ்திரேலிய, ஆங்கிலேயத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. வழக்கறிஞர்கள் அவற்றை எடுத்துக்காட்டலாம். நீதிபதி ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். மேலும், வழக்குத் தொடுப்பவருக்கு இந்நாட்டில் நற்பெயர் இருக்கவேண்டும். ஆனால் படங்கள் இங்கே திரையிடப்படும், கலைநிகழ்ச்சிகளுக்கு இங்கே வந்துபோகும் தமிழ் நடிகருக்கு அதைக் காட்டுவது கடினமாக இராது. இயற்கையாகவே ஒருவர் நடிகரைப் போல இருப்பதும் குற்றமன்று. அவர் தம் பெயரில், தம் உடையில், தம் குரலில் பேசினால் எவரும் தடுக்க இயலாது. முடியலங்காரம், கண்ணாடி, கையசைவு, குரல், வசனம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்கத்தான், இவர் அவராக நிற்கிறார் என்னும் தோற்றம் உருவாகிறது.

வழக்கு மன்றத்துக்கு வெளியிலும் இரண்டு தடைகள் உண்டு. நுகர்வோர் பாதுகாப்பு நியாய வணிகச் சட்டம், இல்லாத ஆதரவு இருப்பதாகக் காட்டி விற்பதை நேர்மையற்ற வணிக நடைமுறையாகப் பட்டியலிடுகிறது. சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையம் நடத்தும் விளம்பர நடைமுறை நெறியும், இசைவின்றி உயிரோடிருப்பவரைச் சித்திரிப்பதை ஏற்பதில்லை. நெறி சட்டமன்று, ஆனால் அதற்கு மாறான விளம்பரத்தை ஊடகங்கள் ஒளிபரப்ப மறுக்கலாம்.

நம் விளம்பரம் இணையத்தில் ஏறினால் சென்னையிலும் பார்க்கப்படும். அங்கே நிலைமை இன்னும் கடுமை. 2015இல் சென்னை உயர் நீதிமன்றம், நடிகர் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், அவர் பெயரையும் பாணியையும் பயன்படுத்திய இந்திப் படம் ஒன்றுக்குத் தடையாணை வழங்கியது. புகழ்பெற்றவரை மக்கள் அடையாளம் காண முடிந்தாலே போதும். ஏமாற்றம் நேர்ந்ததா என்று தனியே மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்பது அத்தீர்ப்பின் கருத்து. பின்னர் 2023 சனவரியில் அவர் வழக்கறிஞர் வெளியிட்ட பொது அறிவிப்பு, பெயர், உருவம், குரல் முதலியவற்றை இசைவின்றிப் பயன்படுத்துவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என எச்சரித்தது. அவர் பாணியில் கண்ணாடி மாட்டும் விளம்பரங்கள் நம்மிடையே எத்தனை என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

இனி, வழக்கு வந்தால் என்ன நேரும்? பதிப்புரிமை மீறலுக்கு இங்கே உரிமையாளர் சட்டம் வகுத்த இழப்பீட்டைக் கோரலாம். அது ஒரு படைப்புக்கு 10,000 வெள்ளி வரை செல்லும்; இழப்பு அதைவிட மிகுதி என்று மெய்ப்பித்தாலொழிய, ஒரு வழக்கில் மொத்தம் 200,000 வெள்ளியைத் தாண்டாது. ஒரு பாட்டு மூன்று படைப்பு என்று முன்னர்ச் சொன்னதை இங்கே நினைவுகூருங்கள். ஆனால் சிறு வணிகருக்குப் பணத்தினும் பெரிய இடர் தடையாணை. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு விளம்பரம் நிறுத்தப்பட்டால், செலவழித்த பணம் போவது மட்டுமன்று, அந்த ஆண்டின் பருவமே போய்விடும். "விளம்பர நிறுவனம்தான் செய்தது" என்று சொல்லித் தப்பவும் முடியாது. மீறலைச் செய்தவரோடு, செய்ய ஒப்புதல் தந்தவரும் பொறுப்பாளி. ஒப்பந்தத்தில் நிறுவனம் உறுதிமொழி கொடுத்திருந்தால், கட்டிய தொகையைப் பிறகு அதனிடம் கேட்கலாம். வழக்கைத் தடுக்க அது உதவாது.

திரைப்படப் பாட்டே வேண்டும் என்பவர் முறைப்படி இசைவு பெறலாம். அதற்கும் ஒரு வரிசை உண்டு. கடையில் பாட்டு ஒலிக்கவிட காம்பஸ் அமைப்பிடம் பெறும் உரிமம் பொதுநிகழ்த்தலுக்குரியது. பாட்டைக் காட்சியோடு இணைத்து விளம்பரம் செய்ய அது போதாது. அதற்கு வரிக்கும் மெட்டுக்கும் உரிமையுடைய இசை வெளியீட்டாளரிடம் காட்சியிணைப்பு உரிமம் பெறவேண்டும். மூலப் பதிவைப் பயன்படுத்தினால் ஒலிப்பதிவு நிறுவனத்திடமும் தனியே பெறவேண்டும். தமிழ்த் திரைப்பாடல்களுக்குப் பெரும்பாலும் இரண்டும் ஒரே இசை நிறுவனத்திடம் இருக்கும். முதலில் அங்கே எழுதுவது நன்று. பழைய பாடல்களில் எச்சரிக்கை தேவை. தயாரிப்பாளரின் உரிமை எது, இசையமைப்பாளரின் உரிமை எது என்பது பற்றி இளையராஜா அவர்களின் பாடல்களைச் சுற்றி எழுந்த வழக்குகளும் அறிவிப்புகளும் நாம் அறிந்தவையே. எனவே உரிமை தமக்கு எப்படி வந்தது என்று காட்டும் ஆவணத்தையும் கேட்டு வாங்கவேண்டும். இசைவுக் கடிதத்தில் எந்த நாடுகள், எந்த ஊடகங்கள், எத்தனை நொடி, எத்தனை மாதம், வரியை மாற்றலாமா என்னும் ஐந்தும் எழுத்தில் இருக்கவேண்டும். கைத்தொலைபேசிச் செயலியின் பாட்டுப் பட்டியலில் இருக்கிறதே என்று எடுப்பதும் பிழை. அப்பட்டியல்கள் பெரும்பாலும் தனிநபர் பயன்பாட்டுக்கானவை. வணிகக் கணக்குகளுக்கு வேறு பட்டியல் உண்டு.

மீண்டும் நம் உணவகத்துக்கு வருவோம். மூன்று துண்டுகளையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன என்று உரிமையாளர் கேட்பார். அந்தக் கடையில் விடியற்காலை மூன்று மணிக்கு ஒருவர் மசாலா அரைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து நொடி அந்த ஒலியையே கேட்கவிடலாம். பின்னர் அவர் தம் சொந்தக் குரலில், "மூன்று மணிக்கு அரைத்தது, ஒரு மணிக்கு உங்கள் இலையில்" என்று சொல்லட்டும். இந்த ஏழு சொற்களுக்கு எவரிடமும் உரிமம் கேட்கவேண்டியதில்லை. அடுத்த கடை இதை அப்படியே எடுத்துச் சொன்னால் பொருந்தவும் பொருந்தாது, ஏனெனில் மூன்று மணிக்கு அரைப்பவர் இந்தக் கடையில்தான் இருக்கிறார். நடிகரின் சாயலோ பத்துக் கடைக்கும் பொது. பார்த்தவர் மனத்தில் நடிகர் நிற்பார், கடையின் பெயர் நிற்காது.

இடுகுறியாகச் சிலவற்றை மட்டும் கூறி அமைகிறேன். விளம்பரம் வெளியாகும் முன் ஒரு தாளில் மூன்று கேள்விகளை எழுதி விடை காணுங்கள். இதில் வரும் ஒவ்வொரு படமும் வரியும் மெட்டும் யாருடையவை? இதைப் பார்ப்பவர் யார் பெயரை முதலில் சொல்வார்? அந்தப் பெயருடையவர் நமக்கு எழுத்தில் இசைவு தந்திருக்கிறாரா? இரண்டாம் கேள்விக்கு விடை உங்கள் கடையின் பெயராக இல்லாமல், மூன்றாம் கேள்விக்கு விடை இல்லை என்பதாகவும் இருந்தால், அந்த விளம்பரத்தை வெளியிட வேண்டாம். அது குறித்து ஐயம் இருந்தால் அறிவுசார் சொத்து வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். அதற்கான கட்டணம், நிறுத்தப்பட்ட ஒரு விளம்பரத்தின் செலவில் சிறு பகுதியே.